நேண்ட் ஒன்றே போதும்: ஓர் இணைப்பியை வைத்து மற்ற எல்லாவற்றையும் கட்டுவது எப்படி

எங்கள் வீட்டு மாடிப்படியில் ஒரு விளக்கு உண்டு. கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். எதைத் தட்டினாலும் விளக்கின் நிலை மாறும். இரண்டு சுவிட்சும் கீழ்நோக்கி இருந்தால் அணைந்திருக்கும், ஒன்று மட்டும் மேல்நோக்கி இருந்தால் எரியும், இரண்டும் மேல்நோக்கி இருந்தால் மறுபடியும் அணைந்துவிடும். தர்க்கத்தில் இதற்கு எக்ஸ்ஆர் என்று பெயர்: இரண்டில் ஒன்று, ஆனால் ஒன்று மட்டும்.

இந்த எக்ஸ்ஆரை நேண்ட் என்ற ஒரே இணைப்பியால் கட்டி, ஒரு சிப்பில் ஓட வைப்பதுதான் நாம் செய்யப் போகிற வேலை. அது முடிந்ததும், எக்ஸ்ஆர் மட்டுமல்ல, எந்த மெய் அட்டவணையைக் கொடுத்தாலும் நேண்டால் கட்ட முடியும் என்பதைப் பார்ப்போம். ஓர் இணைப்பிக்கு (அல்லது இணைப்பிகளின் தொகுப்புக்கு) இந்தத் திறன் இருந்தால் அது சார்பு முழுமை உடையது என்கிறோம்.

நேண்ட் என்றால் என்ன

`p`, `q` என்பவை உண்மையாகவோ பொய்யாகவோ இருக்கும் கூற்றுகள். உண்மைக்கு 1, பொய்க்கு 0 என்று வைத்துக்கொள்வோம். `¬` என்பது இல்லை, `∧` என்பது இரண்டும், `∨` என்பது அல்லது. நேண்டுக்கு `↑` என்ற குறி. `p↑q` என்பதன் பொருள் `¬(p∧q)`.

```
p q | p↑q
0 0 |  1
0 1 |  1
1 0 |  1
1 1 |  0
```

இரண்டு உள்ளீடும் 1 ஆக இருந்தால் மட்டும் 0. மற்ற மூன்று வரியிலும் 1. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் கீழே வருகிற எல்லாவற்றையும் நீங்களே சரிபார்க்கலாம்.

தமிழில் இதைச் சொல்லும்போது ஓர் இடத்தில் கவனம் வேண்டும். "அண்ணனும் தம்பியும் வரவில்லை" என்றால் இருவரில் ஒருவர்கூட வரவில்லை என்றுதான் நமக்குக் கேட்கும். அது நேண்ட் அல்ல, அது நார். நேண்டைச் சொல்ல வேண்டுமென்றால் "அண்ணன், தம்பி இருவருமே வந்தார்கள் என்பது பொய்" என்று சுற்றிச் சொல்ல வேண்டும். அதன்படி அண்ணன் மட்டும் வந்திருக்கலாம், தம்பி மட்டும் வந்திருக்கலாம், யாரும் வராமலும் இருந்திருக்கலாம். நம் மொழியில் "உம்" வந்து பின்னால் "இல்லை" வந்தால் அது நார் பக்கம் சாய்கிறது. வகுப்பில் நேண்டையும் நாரையும் பலர் குழப்பிக்கொள்வதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். சந்தேகம் வந்தால் வாக்கியத்தை விட்டுவிட்டு அட்டவணைக்குப் போய்விடுங்கள்.

முதல் படி: இல்லை

கையில் நேண்ட் மட்டும் இருக்கிறது. அதற்கு இரண்டு உள்ளீடு வேண்டும், `¬p` க்கோ ஒன்றுதான். அப்போது என்ன செய்வது? இரண்டு உள்ளீட்டிலும் அதே `p`-யைக் கொடுத்துவிடலாம்.

```
¬p = p↑p
```

`p` 1 என்றால் 1↑1 = 0. `p` 0 என்றால் 0↑0 = 1. அட்டவணையின் முதல் வரியும் கடைசி வரியும் மட்டுமே இங்கே வேலை செய்கின்றன. இந்த இரண்டு மூலைகளும்தான் நேண்டின் உயிர். கட்டுரையின் பின்பகுதியில் திரும்ப இங்கே வருவோம்.

இரண்டாம் படி: இரண்டும்

நேண்ட் என்பதே "இரண்டும்" என்பதைத் திருப்பிப் போட்டதுதான். இன்னொரு முறை திருப்பினால் பழைய நிலைக்கு வந்துவிடும். திருப்புவதற்கான வழி முதல் படியில் கிடைத்துவிட்டது.

```
p∧q = (p↑q)↑(p↑q)
```

எழுதும்போது `p↑q` இரண்டு தடவை வருகிறது. ஆனால் சுற்றாகக் கட்டும்போது அதை ஒருமுறை கட்டி, வெளியீட்டை இரண்டு இடத்துக்கும் இழுத்துக்கொள்ளலாம். சுற்றில் ஒரு நேண்டின் வேலையைச் செய்யும் பகுதிக்கு கேட் என்று பெயர். ஆகவே இதற்கு இரண்டு கேட் போதும். தாளில் நீளமாகத் தெரியும் சூத்திரம் சுற்றில் சின்னதாக இருக்கும், இதைப் பின்னால் பயன்படுத்திக்கொள்வோம்.

மூன்றாம் படி: அல்லது

இங்கே டி மார்கனின் விதி வேண்டும். "p அல்லது q" என்பதும், "p-யும் இல்லை, q-வும் இல்லை என்ற நிலை இல்லை" என்பதும் ஒன்றுதான். அதாவது `p∨q = ¬(¬p∧¬q)`. வலது பக்கத்தை உற்றுப் பாருங்கள்: `¬( … ∧ … )` என்ற வடிவம் அப்படியே நேண்ட். உள்ளே போகிறவை `¬p`, `¬q`. எனவே:

```
p∨q = (p↑p)↑(q↑q)
```

மூன்று கேட். "p என்றால் q" என்ற நிபந்தனையும் இதிலிருந்தே வந்துவிடுகிறது. `p→q` என்பது `¬(p∧¬q)`, ஆகவே `p↑(q↑q)`. இதற்கு இரண்டே கேட்.

நான்காம் படி: மாடிப்படி விளக்கு

எக்ஸ்ஆருக்கு வருவோம். முதலில் மனதில் தோன்றுகிற வழியிலேயே போவோம். இரண்டில் ஒன்றாவது உண்மை, ஆனால் இரண்டும் உண்மை அல்ல: `(p∨q)∧(p↑q)`. "அல்லது"வுக்கு மூன்று கேட், நேண்டுக்கு ஒன்று, நடுவில் இருக்கும் "இரண்டும்" என்பதற்கு இரண்டு. மொத்தம் ஆறு.

வேறு பக்கமிருந்து பார்ப்போம். விளக்கு எரிவது இரண்டே நிலையில்: `p` 1 ஆகவும் `q` 0 ஆகவும் இருக்கும்போது, அல்லது `p` 0 ஆகவும் `q` 1 ஆகவும் இருக்கும்போது. இதை `(p∧¬q)∨(¬p∧q)` என்று எழுதலாம். இரண்டு "இரண்டும்", அவற்றை இணைக்க ஓர் "அல்லது". இந்த வடிவத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. "அல்லது"வை நேண்டாக மாற்றும்போது உள்ளே இரண்டு "இல்லை" தேவைப்படும். அந்த "இல்லை" உள்ளே இருக்கும் "இரண்டும்" உடன் சேர்ந்து, தானும் நேண்டாகிவிடும்:

```
(p↑¬q)↑(¬p↑q)
```

வெளியே ஒரு நேண்ட், உள்ளே இரண்டு, `¬p`, `¬q` க்காக இரண்டு. மொத்தம் ஐந்து.

இன்னும் ஒன்றைக் குறைக்கலாம். `p↑¬q` என்பதில் `q` எப்போது முக்கியமாகிறது என்று யோசியுங்கள். `p` 0 என்றால் மறுபக்கம் என்ன வந்தாலும் விடை 1. `p` 1 ஆக இருக்கும்போது மட்டுமே மறுபக்கத்தில் `¬q` சரியாக வர வேண்டும். `p` 1 ஆக இருக்கும்போது `p↑q` என்பதே `¬q` தான். ஆகவே `¬q` இருக்கும் இடத்தில் `p↑q`-ஐ வைத்துவிடலாம், விடை மாறாது. அதே நியாயத்தில் மறுபுறம் `¬p` இருக்கும் இடத்திலும் `p↑q`-ஐயே வைக்கலாம். இரண்டு "இல்லை"க்குப் பதில் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரே ஒரு நேண்ட்:

```
N = p↑q
B = p↑N
C = q↑N
D = B↑C      (D என்பதே எக்ஸ்ஆர்)
```

நான்கு கேட். எனக்கு இந்தச் சுற்று மிகவும் பிடிக்கும். சூத்திரங்களை இயந்திரம்போல மாற்றிக்கொண்டே போனால் இது கிடைக்காது, "இந்த இடத்தில் எந்த மதிப்பு உண்மையில் தேவை" என்று கேட்டால்தான் கிடைக்கும். `p`=1, `q`=0 வைத்துச் சரிபாருங்கள்: N=1, B=1↑1=0, C=0↑1=1, D=0↑1=1. விளக்கு எரிகிறது. `p`=1, `q`=1: N=0, B=1, C=1, D=0. அணைகிறது.

ஐந்தாம் படி: கையால் கட்டிப் பார்ப்பது

7400 என்ற சிப்பில் சரியாக நான்கு நேண்ட் கேட்கள் இருக்கின்றன. மொத்தம் 14 கால். நம் எக்ஸ்ஆர் முழுவதும் ஒரே சிப்பில் அடங்கிவிடும். இப்போது வாங்குவதென்றால் 74HC00 என்று கேளுங்கள், கால் அமைப்பு ஒன்றுதான்.

சிப்பின் ஒரு முனையில் அரைவட்டமாக ஒரு வெட்டு இருக்கும். அது உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும்படி வைத்தால், கீழ்வரிசையில் இடது ஓரத்தில் இருப்பது 1-ஆம் கால். அங்கிருந்து வலப்பக்கமாக எண்ணிக்கொண்டு போய், மேலே ஏறி, இடப்பக்கமாகத் திரும்பினால் 14-இல் முடியும். 14-க்கு 5 வோல்ட், 7-க்கு தரை. பிறகு:

```
கேட்   உள்ளீடு              வெளியீடு
N      1 (p), 2 (q)         3
B      4 (p), 5 (3-லிருந்து)  6
C      10 (q), 9 (3-லிருந்து) 8
D      12 (6-லிருந்து), 13 (8-லிருந்து)  11
```

11-ஆம் காலிலிருந்து 1 கிலோ ஓம் மின்தடை, அதன் பின் எல்இடி, பிறகு தரை. `p`, `q` இரண்டுக்கும் சுவிட்ச் வழியாக 5 வோல்ட் வரட்டும். ஒவ்வொரு உள்ளீட்டிலிருந்தும் 10 கிலோ ஓம் மின்தடை ஒன்றைத் தரைக்கு இழுத்துவிடுங்கள்.

இந்த 10 கிலோ ஓம்களைத் தேவையில்லை என்று நினைத்து நான் முதல் தடவை விட்டுவிட்டேன். சுவிட்சைத் திறந்தால் மின்சாரம் வராது, வராவிட்டால் அது 0 தானே என்பது என் கணக்கு. 74HC00-இல் அது அப்படி இல்லை. எதனோடும் இணைக்கப்படாத கால் 0-வும் அல்ல, 1-உம் அல்ல, காற்றில் மிதக்கிறது. கையைக் கிட்டே கொண்டுபோனால் எல்இடி மினுக்கியது, எடுத்தால் வேறு நிலைக்குப் போனது. சிப் பழுது என்று நினைத்து இன்னொன்றை மாற்றியும் அதே கதை. தாளில் எழுதும் தர்க்கத்தில் ஒவ்வொரு கூற்றுக்கும் 1 அல்லது 0 இருந்தே தீரும். கம்பியில் அதை நாம்தான் உறுதி செய்ய வேண்டும்.

பழைய டிடிஎல் வகை 7400-இல் மிதக்கும் கால் பெரும்பாலும் 1 போல நடந்துகொள்ளும். அதனால் பிழையைக் கண்டுபிடிப்பதும் எளிது. உதாரணமாக, 3-இலிருந்து 5-க்குப் போகும் கம்பி கழன்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 5 எப்போதும் 1, ஆகவே B என்பது வெறும் `¬p` ஆகிவிடுகிறது. முதல் மூன்று வரியிலும் விடை சரியாகவே வரும். நான்காவது வரியில், இரண்டு சுவிட்சும் போட்டிருக்கும்போது, அணைய வேண்டிய விளக்கு எரியும். இப்படி 1,1 வரி மட்டும் தப்பாக வந்தால், N-இலிருந்து B-க்கோ C-க்கோ போகும் கம்பியை முதலில் பாருங்கள். நான்கு வரியையும் சோதிக்காமல் இரண்டைப் பார்த்துவிட்டு "வேலை செய்கிறது" என்று எழுந்துவிட்டால் இந்தப் பிழை தெரியவே தெரியாது.

ஆறாம் படி: எந்த அட்டவணை கொடுத்தாலும்

இதுவரை ஐந்தாறு இணைப்பிகளைத்தான் கட்டியிருக்கிறோம். இரண்டு கூற்றுகளுக்கு மட்டும் சாத்தியமான அட்டவணைகள் 16, மூன்று கூற்றுகளுக்கு 256. ஒவ்வொன்றாகக் கட்டிக் காட்ட முடியாது. ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு வழி இருக்கிறது.

மூன்று பேர் கொண்ட ஒரு குழு, இருவராவது ஒப்புக்கொண்டால் தீர்மானம் நிறைவேறும் என்று வைத்துக்கொள்வோம். அட்டவணையில் எட்டு வரி. அவற்றில் விடை 1 வருவது நான்கில்: 011, 101, 110, 111. இந்த ஒவ்வொரு வரியையும் அந்த வரியில் மட்டும் உண்மையாகிற ஒரு கூற்றாக எழுதலாம். 011 என்பது `¬p∧q∧r`. 101 என்பது `p∧¬q∧r`. இப்படி நான்கையும் எழுதி, நடுவில் "அல்லது" போட்டு இணைத்தால் முழு அட்டவணையும் வந்துவிடும். 1 வரும் வரி ஒவ்வொன்றுக்கும் ஒரு கூற்று இருக்கிறது, 0 வரும் வரிகளில் எந்தக் கூற்றும் உண்மையாகாது. இதில் தீர்மானம், குழு என்பதெல்லாம் வெறும் உதாரணம். எந்த அட்டவணைக்கும், எத்தனை கூற்றுக்கும் இதே வேலை நடக்கும்.

ஒரே ஒரு விதிவிலக்கு: எந்த வரியிலும் 1 இல்லாத அட்டவணை. அதற்கு எழுத வரியே இல்லை. அங்கே `p∧¬p` என்று எழுதிவிடலாம், அது எப்போதும் பொய்.

ஆக, எந்த அட்டவணையும் இல்லை, இரண்டும், அல்லது என்ற மூன்றால் எழுதப்பட்டுவிடுகிறது. அந்த மூன்றையும் நேண்டால் எழுதும் வழி முதல் மூன்று படிகளில் இருக்கிறது. இடம் மாற்றிப் போட்டால் வேலை முடிந்தது. நிறுவல் இவ்வளவுதான்.

குழு உதாரணத்தை இன்னும் சுருக்கலாம். இருவராவது ஒப்புக்கொள்வது என்றால் `(p∧q)∨(q∧r)∨(p∧r)`. எக்ஸ்ஆரில் பார்த்த அதே குணம் இங்கேயும் வேலை செய்யும்: "இரண்டும்"களை "அல்லது" இணைக்கும் வடிவத்தில் எல்லாக் குறியையும் நேண்டாக மாற்றினால் போதும். `p↑q`, `q↑r`, `p↑r` மூன்றையும் கட்டி, கடைசியில் மூன்று உள்ளீடு உள்ள ஒரு நேண்டில் கொடுக்க வேண்டும்.

இங்கேதான் பலர் விழுகிறார்கள். மூன்று உள்ளீட்டு நேண்ட் கையில் இல்லை, சரி, இரண்டு உள்ளீட்டு நேண்டையே சங்கிலியாகக் கோத்துவிடலாம் என்று `(x↑y)↑z` போடுவார்கள். "இரண்டும்" என்பதை அப்படிக் கோக்கலாம், "அல்லது"வையும் கோக்கலாம். நேண்டைக் கோக்க முடியாது. அடைப்புக்குறி இடம் மாறினால் விடையே மாறும்: `(0↑0)↑1` என்பது 1↑1, அதாவது 0. `0↑(0↑1)` என்பது 0↑1, அதாவது 1. சரியான வழி, முதலில் `x∧y`-ஐக் கட்டி அதை `z`-உடன் நேண்டில் சேர்ப்பது. அதற்கு மூன்று கேட் ஆகும், ஆக மொத்தம் ஆறு.

ஏன் எல்லா இணைப்பிக்கும் இந்தத் திறன் இல்லை

"இரண்டும்", "அல்லது", "என்றால்" மூன்றையும் சேர்த்து வைத்துக்கொண்டாலும் `¬p`-ஐக் கட்ட முடியாது. காரணம் எளிது. இந்த மூன்றுக்கும் உள்ளீடு எல்லாம் 1 ஆக இருந்தால் வெளியீடும் 1. இவற்றை எத்தனை அடுக்காக அடுக்கினாலும், எல்லாக் கூற்றும் உண்மையாக இருக்கும்போது விடை 1 ஆகவே இருக்கும். `p` 1 ஆக இருக்கும்போது 0 தர வேண்டிய "இல்லை" அங்கிருந்து எப்படிப் பிறக்கும்?

இதே நியாயத்தைத் திருப்பிப் பிடித்தால், தனியாக நின்று எல்லாவற்றையும் கட்டக்கூடிய இரண்டு உள்ளீட்டு இணைப்பி எது எது என்று எண்ணிவிடலாம். அதன் 1,1 வரியில் 0 இருந்தே தீர வேண்டும், இல்லாவிட்டால் மேலே சொன்ன சிக்கல். 0,0 வரியில் 1 இருந்தே தீர வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் 0 ஆக இருக்கும்போது விடையும் 0-இலேயே மாட்டிக்கொள்ளும். முதல் படியில் உயிர் என்று சொன்ன இரண்டு மூலைகள் இவைதான். மீதி இரண்டு வரிகள்: 0,1 மற்றும் 1,0. அவற்றை நிரப்ப நான்கே வழி. 1, 1 போட்டால் நேண்ட். 0, 0 போட்டால் நார். 1, 0 போட்டால் அது வெறும் `¬p`, `q`-ஐக் கண்டுகொள்ளவே இல்லை. 0, 1 போட்டால் வெறும் `¬q`. ஒரு கூற்றை மட்டும் பார்க்கிற இணைப்பியால் இரண்டை இணைக்க முடியாது. ஆகவே 16-இல் இரண்டே இரண்டுதான் மிஞ்சுகின்றன.

ஓர் இணைப்பியே எல்லாவற்றுக்கும் போதும் என்பதை 1880 வாக்கிலேயே அமெரிக்கத் தர்க்கவியலாளர் சார்ல்ஸ் சாண்டர்ஸ் பெர்ஸ் கண்டிருந்தார், ஆனால் அவர் உயிரோடு இருந்தவரை அந்தக் குறிப்பு அச்சாகவில்லை. 1913-இல் ஹென்றி ஷெஃபர் தனியாகக் கண்டு வெளியிட்டார். அதனால்தான் நேண்டுக்கு ஷெஃபர் கோடு என்ற பெயர் நின்றுவிட்டது.

நார் மட்டும் இருந்தால்

அப்போலோ விண்கலங்களின் வழிகாட்டும் கணினி மூன்று உள்ளீட்டு நார் கேட்களால் கட்டப்பட்டது. முதல் வடிவத்தில் ஏறக்குறைய 4,100 சிப்கள், சிப்புக்கு ஒரு கேட். இரண்டாம் வடிவத்தில் சிப்புக்கு இரண்டு கேட், ஏறக்குறைய 2,800 சிப்கள். ஒரே வகை சிப் என்றால் சோதிப்பதும் ஒரே வகை.

உங்கள் கையிலும் நார் மட்டும் இருந்தால் எல்லாவற்றையும் மறுபடி யோசிக்க வேண்டாம். நேண்டின் அட்டவணையில் 0-வையும் 1-ஐயும் உள்ளீடு, வெளியீடு இரண்டிலும் இடம் மாற்றினால் நார் வந்துவிடும். ஆகவே மேலே உள்ள ஒவ்வொரு சுற்றிலும் நேண்டை எடுத்து நாரை வைத்தால், அந்தச் சுற்றின் விடையும் அதே மாதிரி இடம் மாறும். "இல்லை" "இல்லை"யாகவே இருக்கும். "இரண்டும்" சுற்று "அல்லது" ஆகும், "அல்லது" சுற்று "இரண்டும்" ஆகும். நான்கு கேட் எக்ஸ்ஆர், இரண்டு சுவிட்சும் ஒரே நிலையில் இருக்கும்போது எரியும் விளக்காக மாறும். அதற்குப் பின்னால் இன்னொரு நாரை "இல்லை"யாகப் போட்டால் மாடிப்படி விளக்கு திரும்பக் கிடைக்கும்.

ஆனால் 7400-ஐப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் நார் சிப்பான 7402-ஐச் செருகிவிடாதீர்கள். அதில் முதல் கேட்டின் வெளியீடு 3-இல் இல்லை, 1-இல் இருக்கிறது. 2-உம் 3-உம் உள்ளீடு. மற்ற வெளியீடுகள் 4, 10, 13. பழைய கம்பிகளோடு செருகினால் உங்கள் சுவிட்சின் 5 வோல்ட் நேராக ஒரு கேட்டின் வெளியீட்டில் போய் மோதும். எல்லாக் கம்பியையும் கழற்றிவிட்டு, 14-க்கு 5 வோல்ட், 7-க்கு தரை என்பதிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள்.